விசாரணைக் குழுவின் முன் அமரும் முன்பு

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளான பெண் எழுத்தில் புகார் கொடுத்த சில வாரங்களில், உள்ளகப் புகார்க் குழு அவரை நேரில் அழைக்கிறது. 2013ஆம் ஆண்டின் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் இந்தக் குழு இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய இடங்களில் வேலை செய்வோரும், முதலாளி மீதே புகார் உள்ளவர்களும் மாவட்ட அளவில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். இரண்டிலும் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். அறையில் குறைந்தது மூன்று உறுப்பினர்கள் இருப்பார்கள். குழுத் தலைவராக ஒரு மூத்த பெண் அலுவலர் இருப்பார். நிறுவனத்துக்கு வெளியிலிருந்து, பெரும்பாலும் தொண்டு நிறுவனம் ஒன்றிலிருந்து வரும் உறுப்பினரும் குழுவில் உண்டு. அந்த அறைக்குள் புகார்தாரருக்காகப் பேச வழக்கறிஞர் வர முடியாது. எதிர்த்தரப்புக்கும் அதே தடை பொருந்தும். ஆகவே காகிதங்களை ஒழுங்குசெய்வதும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் புகார்தாரரின் கையில்தான் இருக்கின்றன. வெளியில் வழக்கறிஞரிடம் யோசனை கேட்பதை யாரும் தடுக்கவில்லை.

இந்தக் குழு நீதிமன்றம் அல்ல. ஆனால் சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. இரு தரப்பையும் கேட்டபின் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று குழு எடைபோடுகிறது. இந்த அளவுகோலைப் புரிந்துகொண்டால் ஆயத்தத்தின் திசை தெளிவாகும். நேரில் பார்த்த சாட்சி இல்லாத சம்பவமாக இருந்தாலும், அதன் முன்னும் பின்னும் நடந்தவை ஒன்றோடொன்று பொருந்தி வந்தால் புகார் நிற்கும். பொருத்தத்தைக் காட்டுவது காகிதங்களின் வேலை. பார்த்ததையும் கேட்டதையும் பட்டதையும் சொல்வது மட்டுமே புகார்தாரரின் வேலை.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை நிகழ்வை எடுத்துக்கொள்ளலாம். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். தர ஆய்வுப் பிரிவில் வேலை செய்யும் பெண்ணுக்கு உற்பத்தி மேலாளரிடமிருந்து ஜனவரி முதல் இரவு நேரங்களில் வாட்ஸ்அப் செய்திகள் வருகின்றன. முதலில் வேலை பற்றியவை, பிறகு உடை பற்றியும் தோற்றம் பற்றியும். மார்ச் மாதம் ஒரு நாள் துணிக் கிடங்கில் அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். மார்ச் 22 அன்று அந்தப் பெண் வேறு கட்டடத்தில் உள்ள பிரிவுக்கு மாற்றப்படுகிறார். ஏப்ரல் 28 அன்று வேலையில் குறை என்று மெமோ வருகிறது. மே 2 அன்று இரண்டு உதவியாளர்கள் முன்னிலையில் மேலாளர் ஆபாசமாகப் பேசுகிறார். ஜூன் 10 அன்று புகார் கொடுக்கப்படுகிறது. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தொடர்ச்சியான சம்பவங்களானால் கடைசிச் சம்பவத்திலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இங்கே கடைசிச் சம்பவம் மே 2 என்பதால் காலக்கெடுச் சிக்கல் இல்லை.

முதலில் நாள்வரிசை

ஆயத்தத்தின் முதுகெலும்பு, நாள்வரிசைப்படி எழுதிய ஒரு பட்டியல். ஒவ்வொரு சம்பவத்துக்கும் நாள், நேரம், இடம், என்ன நடந்தது, யார் இருந்தார்கள், அதற்கு ஆதாரமான காகிதம் எது என்று ஒரு வரி. இரண்டு அல்லது மூன்று பக்கங்களுக்கு மேல் போனால் அதன் பயன் குறையும். புகார் மனுவில் எழுதியதை அப்படியே நகலெடுத்து இதைத் தயாரிக்கக் கூடாது. காகிதங்களிலிருந்து புதிதாக எழுதி, அதன் பிறகே மனுவோடு ஒப்பிட வேண்டும். மனு பெரும்பாலும் கொதிப்பான மனநிலையில், ஒரே இரவில் எழுதப்பட்டிருக்கும். பிழைகள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

திருப்பூர்ப் பெண் தன் மனுவில் கிடங்குச் சம்பவம் மார்ச் 13 அன்று நடந்ததாக எழுதியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். நாள்வரிசை தயாரிக்க வருகைப் பதிவைப் பார்க்கும்போது 13 அன்று அவர் விடுப்பில் இருந்தது தெரிகிறது. எதிர்த்தரப்பு இதைக் கண்டுபிடித்து விசாரணையில் கேட்டால், மொத்தப் புகாரும் கட்டுக்கதை என்று வாதிட அது ஒன்றே போதும். சரியான நாளைக் கண்டறிய நினைவை மட்டும் பிழிந்து பயனில்லை. சம்பவத்தை ஒட்டி நடந்த, எழுத்தில் பதிவான வேறொன்றைத் தேட வேண்டும். அன்று காலை வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆய்வாளர் சரக்கைப் பார்வையிட வந்திருந்தார் என்பது அந்தப் பெண்ணுக்கு உறுதியாக நினைவிருக்கிறது. அந்த ஆய்வு அறிக்கையில் உள்ள நாள் மார்ச் 14. அன்று மாலையே அக்காவுக்கு அவர் அனுப்பிய குரல் செய்தியும் 14 என்றே காட்டுகிறது. இனி நாளில் ஐயமில்லை.

பிழையைக் கண்டபின் செய்ய வேண்டியது ஒன்றே. விசாரணைக்கு முன்பே குழுத் தலைவருக்கு ஒரு சிறு கடிதம் எழுத வேண்டும்: மனுவின் இன்ன பத்தியில் மார்ச் 13 என்று இருப்பது தவறு, ஆய்வு அறிக்கையின்படியும் குரல் செய்தியின்படியும் சரியான நாள் மார்ச் 14, இரண்டின் நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன. தானாக முன்வந்து திருத்திய பிழையைக் குழு பிழையாக மட்டுமே பார்க்கும். குறுக்குக் கேள்வியில் வெளிப்பட்ட பிழைக்கு அந்தச் சலுகை கிடைக்காது. நாள் எவ்வளவு முயன்றும் கிடைக்காத சம்பவங்களும் இருக்கும். அவற்றுக்கு "பிப்ரவரி முதல் வாரம், சம்பளம் வந்த நாளை ஒட்டி" என்று தெரிந்த அளவுக்கு மட்டும் எழுதுவது நேர்மையானது, பாதுகாப்பானதும்கூட.

நாள்வரிசை எழுதும்போதே தான் நேரில் கண்டதையும், பிறர் சொல்லிக் கேட்டதையும், தான் ஊகித்ததையும் பிரித்துக் குறிக்க வேண்டும். "மேலாளர் கையைப் பிடித்து இழுத்தார்" என்பது நேரில் பட்டது. "வேறொரு பெண்ணிடமும் இப்படி நடந்தாராம்" என்பது கேள்விப்பட்டது. "மறுத்ததால்தான் இடமாற்றம் செய்தார்" என்பது ஊகம். மூன்றையும் குழுவிடம் சொல்லலாம். ஆனால் ஊகத்தைக் கண்ணால் கண்டதுபோலச் சொல்வதுதான் நல்ல புகார்களைக்கூடச் சாய்க்கிறது. இடமாற்றம் பற்றிச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: மார்ச் 14 அன்று கையை உதறிவிட்டு வந்தது, எட்டாம் நாள் இடமாற்ற ஆணை, அதில் காரணம் எதுவும் இல்லை, கையெழுத்து மேலாளருடையது. இவற்றை வரிசையாக வைத்தால் ஊகத்தைக் குழுவே செய்துகொள்ளும்.

காகிதங்களும் கைபேசியும்

விதிப்படி புகார் மனு, ஆதார ஆவணங்கள், சாட்சிகளின் பெயர் முகவரியோடு ஆறு பிரதிகளாகக் கொடுக்கப்பட வேண்டும். அதில் ஒன்று ஏழு வேலை நாட்களுக்குள் எதிர்மனுதாரருக்குப் போகும். அவர் பத்து வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும். குழுவிடம் கொடுக்கும் எந்தக் காகிதமும் எதிர்த்தரப்பின் கைக்கும் போய்ச் சேரும் என்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். புகாருக்குத் தொடர்பில்லாத குடும்பச் செய்திகளோ மற்றவர்களின் எண்களோ இருக்கும் இடங்களை நகலில் மறைத்து, மறைக்கப்பட்டுள்ளது என்று குறிப்பெழுதி, மூலத்தைக் குழு கேட்டால் காட்டத் தயாராக வைத்திருப்பது நல்லது. எதிர்மனுதாரரின் எழுத்துப் பதிலைக் கேட்டு வாங்கிப் படிப்பதும் அதே அளவு முக்கியம். விசாரணையில் வரப்போகும் கடினமான கேள்விகளில் பாதிக்கு மேல் அந்தப் பதிலிலேயே இருக்கும்.

கோப்பை அமைக்கப் பெரிய திறமை தேவையில்லை. மேலே நாள்வரிசை, அடுத்து மனுவின் நகல், அதன்கீழ் ஆதாரங்கள் நாள் வரிசையில். ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடர் எண் இட்டு, நாள்வரிசையில் அந்தந்தச் சம்பவத்துக்கு எதிரே பக்க எண்ணைக் குறிக்க வேண்டும். மார்ச் 14 பற்றிக் கேட்டால் பக்கம் 17, 18 என்று உடனே சொல்ல முடிய வேண்டும். கேள்விக்கு நடுவே காகிதத்தைத் தேடித் தடுமாறும்போதுதான் மனம் பதறத் தொடங்குகிறது. பதற்றத்தைத் தடுக்கும் வழிகளில் பக்க எண்ணுக்கு நிகரானது வேறில்லை.

வாட்ஸ்அப் செய்திகளில்தான் அதிகத் தவறு நடக்கிறது. பெரும்பாலோர் தங்களுக்குச் சாதகமான நான்கைந்து ஸ்கிரீன்ஷாட்டுகளை மட்டும் எடுத்துக் கொடுக்கிறார்கள். எதிர்த்தரப்பிடம் அதே உரையாடலின் மீதிப் பகுதி இருக்கிறது. அதை அவர் எடுத்து வைக்கும்போது, மறைத்துவிட்டார் என்ற குற்றச்சாட்டு புகார்தாரர் மீது திரும்புகிறது. எனவே உரையாடல் முழுவதையும் கொடுப்பதே சரி. வாட்ஸ்அப்பில் குறிப்பிட்ட உரையாடலைத் திறந்து, 'Export chat' என்பதைத் தேர்ந்தெடுத்தால் நாள், நேரத்தோடு முழு உரையாடலும் கோப்பாகக் கிடைக்கும். முக்கியமான செய்திகளுக்கு, அனுப்பியவரின் எண்ணும் நாளும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட்டும் சேர்க்கலாம். அனுப்பியவர் பிறகு அழித்துவிட்ட செய்திகள் இருந்தால், அழிக்கப்பட்ட அடையாளத்தோடு அந்த இடத்தையும் காட்ட வேண்டும். எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. தான் அனுப்பி வருந்தும் செய்தியானாலும் சரி.

விசாரணை முடியும்வரை பழைய கைபேசியை மாற்றாமல் இருப்பது நல்லது. மாற்றியே ஆக வேண்டுமென்றால் பழையதை விற்காமல் வைத்திருக்க வேண்டும். பின்னர் இதே விஷயம் காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போனால் மின்னணுப் பதிவுகளுக்கு, 2023இன் பாரதிய சாட்சிய சட்டம் கேட்கும் சான்றிதழ் தேவைப்படும். செய்திகள் வந்த கருவியே கையில் இருந்தால் அந்த வேலை எளிதாகும்.

அலுவலக ஆவணங்களில் எச்சரிக்கை தேவை. வருகைப் பதிவு, இடமாற்ற ஆணை, மெமோ ஆகியவை புகார்தாரருக்கே தரப்பட்டவையானால் நகலெடுக்கலாம். வாடிக்கையாளர் ஆய்வு அறிக்கை போன்ற நிறுவனக் கோப்புகளைச் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பிக்கொண்டால், அதையே ஒழுங்கு மீறலாகக் காட்டி அவர் மீது நடவடிக்கை எடுக்க இடம் உண்டாகும். அத்தகைய ஆவணம் எந்தப் பிரிவில், எந்த நாளில், என்ன பெயரில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, நிறுவனத்திடமிருந்து அதை வரவழைக்கும்படி குழுவிடமே கேட்க வேண்டும். கண்காணிப்புக் கேமராப் பதிவு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. பல இடங்களில் சில வாரங்களிலேயே பழைய பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும். கிடங்கு வாசல் கேமராவின் மார்ச் 14 மாலைப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் கையெழுத்து வாங்குவது முதல் வாரத்து வேலை. பதிவு ஏற்கெனவே அழிந்திருந்தாலும், எப்போது கேட்கப்பட்டது என்பது ஏட்டில் இருக்கும்.

சாட்சிகளைப் பொறுத்தவரை, யார் எதைப் பார்த்தார் அல்லது கேட்டார் என்று குழுவிடம் சொன்னால் போதும். அவர்களை அமர்த்தி என்ன சொல்ல வேண்டும் என்று பேசிப் பழக்குவது புகாரைக் கெடுத்துவிடும். மூன்று பேர் ஒரே சொற்றொடரில் சாட்சி சொன்னால் அனுபவமுள்ள உறுப்பினருக்கு அது உடனே உறுத்தும். மே 2 அன்று உடனிருந்த இரண்டு உதவியாளர்களும் பயத்தால் வாய் திறக்காமல் போகலாம். அப்போதும் அக்காவுக்குப் போன குரல் செய்தியின் மதிப்பு குறையாது. சம்பவம் நடந்த சூட்டில், புகார் கொடுக்கும் எண்ணமே இல்லாத நேரத்தில் ஒருவர் சொன்ன சொல்லுக்கு எடை அதிகம்.

புகாரின் உள்ளடக்கமும் அதில் சம்பந்தப்பட்டவர்களின் அடையாளமும் இரகசியமாக இருக்க வேண்டும் என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்கிறது. கோப்பை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் சமூக ஊடகத்தில் எழுதுவதும் கூடாது.

இடைக்கால ஏற்பாடு

மேலாளரிடமே தினமும் கையெழுத்துக்குப் போய் நின்றுகொண்டு அவருக்கு எதிராக அமைதியாகச் சாட்சி சொல்வது யாருக்கும் கடினம். இதை உணர்ந்தே சட்டத்தின் 12ஆம் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. புகார்தாரர் எழுத்தில் கேட்டால், இருவரில் ஒருவரை இடமாற்றவோ, வழக்கமான விடுப்புக்கு மேல் மூன்று மாதம் வரை விடுப்புத் தரவோ குழு பரிந்துரைக்கலாம். அவருடைய பணித்திறன் அறிக்கையை எழுதும் பொறுப்பை எதிர்மனுதாரரிடமிருந்து வேறொருவருக்கு மாற்றவும் வழி உண்டு. கேட்காமல் இவை கிடைப்பது அரிது. விசாரணைத் தேதி வருவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அறைக்குள்

அழைப்புக் கடிதம் வந்ததும் சில விவரங்களை எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்: அன்று யார் யார் இருப்பார்கள், எதிர்மனுதாரர் அதே அறையில் இருப்பாரா, பதிவு எந்த மொழியில் எழுதப்படும், துணைக்கு ஒருவரை வெளியில் உட்காரவைக்கலாமா. எதிர்மனுதாரரை நேரில் பார்ப்பது தாங்க முடியாததாக இருக்கும் என்றால் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவருடைய கேள்விகளை எழுத்தில் வாங்கிக் குழுவே கேட்பது பல இடங்களில் உள்ள வழக்கம். அவருக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்பே தராமல் முடிக்கும்படி கேட்பது மட்டும் விவேகம் அல்ல. கோவா பல்கலைக்கழகத்தில் 2009இல் நடந்த ஒரு விசாரணையில், தன் தரப்பைச் சொல்லப் போதிய அவகாசம் தராமல் குழு அவசரமாக முடித்துவிட்டது என்று கண்ட உச்ச நீதிமன்றம், 2023 மே மாதம் அந்தத் தண்டனையை ரத்து செய்து விஷயத்தைக் குழுவுக்கே திருப்பி அனுப்பியது. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் விசாரணை. எதிர்த்தரப்புக்கு உரிய வாய்ப்புக் கிடைப்பது புகார்தாரருக்கே பாதுகாப்பு.

பெரும்பாலும் முதல் கேள்வி, "நடந்ததைச் சொல்லுங்கள், அம்மா" என்பதாக இருக்கும். இங்கே மனுவை மனப்பாடமாக ஒப்பிப்பது நல்லதல்ல. தொடக்கத்திலிருந்து நாள் வரிசையில், சொந்தப் பேச்சு நடையில், ஒவ்வொரு சம்பவமாகச் சொல்ல வேண்டும். எதிர்மனுதாரர் பேசிய ஆபாசச் சொல்லைச் சொல்லக் கூச்சம் தடுக்கும். "தப்பா பேசினார்" என்பதிலிருந்து குழுவால் எந்த முடிவுக்கும் வர முடியாது. வாயால் சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொற்களைத் தாளில் எழுதி நீட்டலாம்; குழு அதை ஏற்கும்.

அடுத்து வருபவைதான் கடினமான கேள்விகள். அவற்றில் நான்கு ஏறத்தாழ எல்லா விசாரணையிலும் வருகின்றன.

"மார்ச்சில் நடந்ததை ஜூனில் ஏன் சொல்கிறீர்கள்?" இது குற்றச்சாட்டுபோல ஒலிக்கும். ஆனால் உடனே வாய் திறக்க முடியாது என்பதை ஏற்றுத்தான் சட்டமே மூன்று மாதமும் அதற்கு மேல் மூன்று மாதமும் தருகிறது. பதில் உண்மையான காரணமாக, சுருக்கமாக இருக்க வேண்டும்: "அவர் கையெழுத்து போட்டால்தான் எனக்கு இன்சென்டிவ் வரும். வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள் என்று பயந்தேன். அக்காவிடம் மட்டும் அன்றே சொன்னேன். மே 2 அன்று மற்றவர்கள் முன்னால் பேசியபின் பொறுக்க முடியவில்லை." காரணம் கேட்கும்போது "ஏன், நான் பொய் சொல்கிறேன் என்கிறீர்களா?" என்று திருப்பிக் கேட்டால் ஏட்டில் பதில் பதிவாகாது, கோபம்தான் பதிவாகும்.

"அவர் செய்திக்கு நீங்களே சிரிப்புப் படம் அனுப்பியிருக்கிறீர்களே?" உரையாடல் முழுவதையும் கொடுத்தவருக்கு இந்தக் கேள்வி அதிர்ச்சி தராது. முதலில் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு காரணம்: "ஆமாம், பிப்ரவரி 6 அன்று அனுப்பினேன். பக்கம் 9. மேலதிகாரியிடம் முகம் முறித்துப் பேச முடியவில்லை. அடுத்த நாள், வேலை விஷயம் மட்டும் அனுப்புங்கள் சார் என்று எழுதியிருக்கிறேன், பக்கம் 10." ஒப்புக்கொள்ள வேண்டியதைத் தயங்காமல் ஒப்புக்கொள்பவரின் மறுப்புகளையும் குழு நம்பும்.

"ஏப்ரலில் மெமோ வந்தது, அதற்குப் பழிவாங்கத்தானே புகார்?" இதற்கு வேலைத்திறன் பற்றி நீண்ட வாதம் தேவையில்லை. மெமோ வந்தது உண்மை, அதற்குப் பதில் கொடுத்ததும் உண்மை. கிடங்குச் சம்பவமும் அக்காவுக்குப் போன குரல் செய்தியும் மெமோவுக்கு ஆறு வாரம் முந்தியவை. நாள்வரிசையை எடுத்துக் காட்டினால் போதும்.

நான்காவது, சம்பவத்தின் நுணுக்கங்கள். எந்தக் கை, எத்தனை நொடி, கதவு திறந்திருந்ததா, விளக்கு எரிந்ததா. அச்சம் தாக்கும் நேரத்தில் மனம் சிலவற்றை ஆணியடித்ததுபோல் பதித்துக்கொள்கிறது, சிலவற்றை விட்டுவிடுகிறது. வலது கையைப் பிடித்தார், வளையல் உடைந்தது என்பது தெளிவாக நினைவிருக்கும், கதவு நினைவிருக்காது. "கதவு நினைவில்லை" என்பது முழுமையான பதில். உறுப்பினர் முகத்தைப் பார்த்துவிட்டு, திறந்திருக்கும் என்றோ மூடியிருக்கும் என்றோ ஊகித்துச் சொன்ன பதில்தான் பிறகு மற்றொரு சாட்சியோடு முரண்பட்டுத் திரும்பி வருகிறது.

நிதானம் என்பது உணர்ச்சியே இல்லாமல் இருப்பதல்ல. கேள்வியை முழுதாகக் கேட்டு முடித்து, ஒரு மூச்சு விட்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்துவது. பதில் முடிந்தபின் அறையில் நிலவும் மௌனம் புகார்தாரரைத் தேவையில்லாமல் மேலும் பேசத் தூண்டும். உறுப்பினர்கள் குறிப்பெழுதும் நேரம்தான் அது. ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தால், "முதலாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்" என்று பிரிக்கலாம். புரியாத கேள்வியை மீண்டும் கேட்கச் சொல்லலாம். அழுகை வந்தால் அது குறையல்ல. தண்ணீர் குடிக்கவும் பத்து நிமிட இடைவேளை கேட்கவும் தயங்க வேண்டாம்.

சில சமயம் எல்லை மீறும் கேள்விகள் வரும். திருமண வாழ்க்கை, பழைய நட்பு, உடுத்தும் விதம் என்று. கோபப்படாமல் குழுத் தலைவரைப் பார்த்து, "இந்தக் கேள்விக்கும் புகாருக்கும் என்ன தொடர்பு என்று சொன்னால் பதில் சொல்கிறேன், மேடம். கேள்வியையும் அப்படியே பதிவு செய்யுங்கள்" என்று சொல்ல வேண்டும். பதிவாகும் என்று தெரிந்ததும் பெரும்பாலான இத்தகைய கேள்விகள் கைவிடப்படுகின்றன. கைவிடப்படாவிட்டாலும் மேல்முறையீட்டில் அந்தப் பதிவு பேசும்.

கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

விசாரணை முடிந்ததும் தட்டச்சு செய்த வாக்குமூலம் நீட்டப்படும். மணிக்கணக்கில் பேசிய களைப்பில் படிக்காமல் கையெழுத்திடுவதுதான் அந்த நாளின் மிகப் பெரிய தவறாக முடியும். "கையைப் பிடித்து இழுத்தார்" என்று சொன்னது "கை பட்டது" என்று மாறியிருந்தால் புகாரின் தன்மையே மாறிவிடும். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, பிழையைத் திருத்தச் சொல்லி, திருத்தத்தின் அருகில் சுருக்கொப்பம் இட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி, அப்படி வாசித்துக் காட்டப்பட்டது என்பதையும் எழுதச் செய்ய வேண்டும். திருத்த மறுத்தால் கையெழுத்தின்கீழ் ஆட்சேபத்தை எழுதலாம். வாக்குமூலத்தின் நகலை அன்றே எழுத்தில் கேட்பது நல்லது.

வீடு திரும்பியபின், என்ன கேட்டார்கள், எதைத் தருவதாகச் சொன்னோம் என்று நினைவிருக்கும்போதே குறித்துக்கொண்டு, தருவதாகச் சொன்னதை ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். விட்டுப்போன முக்கியமான செய்தி நினைவுக்கு வந்தால் கூடுதல் கடிதமாகத் தரலாம். அடுத்த அமர்வுகளுக்கு வர முடியாத நாள்களைக் காரணத்தோடு முன்பே தெரிவிக்க வேண்டும். தகுந்த காரணமின்றித் தொடர்ந்து மூன்று அமர்வுகளுக்கு வராவிட்டால், பதினைந்து நாள் அறிவிப்புக் கொடுத்துவிட்டுக் குழு விசாரணையை முடித்துவிடவோ ஒருதலைப்பட்சமாக முடிவெடுக்கவோ முடியும்.

புகாரை மெய்ப்பிக்க முடியாமல் போனால் தன் மீதே நடவடிக்கை வரும் என்ற அச்சம் பலரை விசாரணைக்கு முன்பே பின்வாங்க வைக்கிறது. எதிர்த்தரப்பினர் சிலர் இதைச் சொல்லி மிரட்டவும் செய்கிறார்கள். 14ஆம் பிரிவு தண்டிப்பது பொய்யென்று தெரிந்தே தீய நோக்கோடு கொடுத்த புகாரையும் போலி ஆவணத்தையும்தான். ஆதாரம் போதவில்லை என்பது மட்டும் அதற்குள் வராது என்று அந்தப் பிரிவே வெளிப்படையாகச் சொல்கிறது.

விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். முடிந்த பத்து நாட்களுக்குள் அறிக்கை நிறுவனத்துக்கும் இரு தரப்புக்கும் கிடைக்க வேண்டும். பரிந்துரைகள் மீது நிறுவனம் 60 நாட்களுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். முடிவில் நிறைவில்லை என்றால் பரிந்துரை வந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். இந்தப் படிகள் எல்லாம் முடியும்வரை கோப்பின் ஒரு முழுப் பிரதியும் பழைய கைபேசியும் புகார்தாரரின் வீட்டில் இருக்க வேண்டும், அலுவலக மேசையில் அல்ல.